வெள்ளையாய்த் தெரியும் ஈரும் பேன் வாரும் நாட்கணக்கும்

விசுவமடுப் பக்கத்தில் தரம் 4 படிக்கும் ஒரு பெண்பிள்ளையை எடுத்துக்கொள்வோம். இரட்டைப் பின்னல், தோளுக்குக் கீழே இறங்கும் மயிர். இரண்டு கிழமையாகப் பிடரியையும் காதின் பின்புறத்தையும் சொறிந்துகொண்டிருக்கிறாள். பின்னலை அவிழ்த்துப் பார்க்கும் தாய்க்கு, மயிரில் ரவை ஒட்டியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. பொடுகாக இருந்தால் ஊதினாலே பறக்கும், விரலால் தள்ளினால் வழுக்கும். இது மயிரின் ஒரு பக்கத்தில் சாய்வாக ஒட்டி, நகத்தால் இழுத்தாலும் அசையாமல் நிற்கிறது. ஈர்தான்.

ஆனால் வெள்ளையாய் எடுப்பாகத் தெரியும் ஈர் பெரும்பாலும் வெறுங்கோது. குஞ்சு வெளியேறிய பிறகுதான் அது வெளுக்கும். உயிருள்ள முட்டை மங்கிய தவிட்டு நிறத்தில், தலைத்தோலோடு ஒட்டினாற்போல் இருக்கும். கறுத்த மயிரில் அது கண்ணுக்குப் படுவதே அரிது. பேன் முட்டைக்குத் தலைச்சூடு வேண்டும். அதனால் தாய்ப்பேன் தோலிலிருந்து ஏறக்குறைய அரைச் சென்ரிமீற்றருக்குள் முட்டையை ஒட்டும். பிறகு மயிர் வளர வளர முட்டையும் தோலை விட்டு விலகிப் போகும். மயிர் மாதத்துக்குச் சுமார் 1 சென்ரிமீற்றர் வளரும். இந்தப் பிள்ளையின் தலையில் வெள்ளை ஈர் 3 சென்ரிமீற்றர் தள்ளி நிற்கிறதென்றால், பேன் வந்து ஏறக்குறைய இரண்டரை மாதமாவது ஆகிறது. சொறி மட்டும் ஏன் இப்போது தொடங்கியது? கடி வாங்கியதும் அரிப்பதில்லை. பேனின் உமிழ்நீரை உடம்பு ஒவ்வாத பொருளாகக் கண்டுகொண்ட பிறகே அரிப்பு வரும்; முதன்முறை பேன் பிடித்த பிள்ளைக்கு அதற்கு 4 முதல் 6 கிழமை செல்லலாம். சில பிள்ளைகளுக்கு இன்னும் பிந்தும்.

ஆகவே ஈரை எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. உயிரோடு ஓடும் பேன் ஒன்றாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வளர்ந்த பேன் எள்ளளவு இருக்கும். பறக்காது, குதிக்காது, ஆனால் மயிரைப் பிடித்து விரைவாக ஓடும், வெளிச்சம் பட்டால் ஒளிந்துகொள்ளும். காய்ந்த மயிரை விரலால் விலக்கிப் பார்த்து "பேன் இல்லை" என்று முடிவெடுப்பது அதனால்தான் பிழைக்கிறது. ஈரமயிரில் வாரியே பார்க்க வேண்டும்.

வழக்கம்போலத் தலைமுழுகவைத்து, ஈரம் சொட்டாமல் துடைத்து, நீளமயிருக்கு இரண்டு மேசைக்கரண்டி அளவு கண்டிஷனரை வேரிலிருந்து நுனிவரை பூசுங்கள். ஈரமும் வழுவழுப்பும் சேர்ந்தால் பேன் ஓடமாட்டாமல் சற்றுநேரம் அடங்கிக் கிடக்கும். கண்டிஷனர் இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெயும் சீப்பு வழுக்கிப் போக உதவும். ஆனால் எண்ணெய் வைத்ததாலேயே பேன் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். முதலில் சாதாரணச் சீப்பால் சிக்கெடுங்கள். பிறகு தலையை நாலு பகுதியாக வகிடெடுத்து, ஒவ்வொன்றிலும் விரற்கடை அகலமான கற்றையாக எடுத்து, பேன்சீப்பின் பல் தலைத்தோலைத் தொடும்படி வைத்து, நுனிவரை ஒரே இழுவையாக இழுங்கள். ஒவ்வொரு இழுவைக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். பிடரியிலும் காதுகளின் பின்னாலும் இரண்டு தடவை வாருங்கள். தலையை அலசிவிட்டு மறுபடி முழுத்தலையும் ஒருமுறை. இந்த நீளத்துக்கு அரைமணி நேரம் பிடிக்கும்; பத்து நிமிடத்தில் முடிந்தால் எங்கோ விட்டுவிட்டீர்கள்.

சீப்பில்தான் பலர் தோற்கிறார்கள். பல் இடைவெளி 0.3 மில்லிமீற்றருக்கு மேற்பட்டால் குஞ்சுப்பேன் நழுவிவிடும். பழைய பிளாஸ்ரிக் சீப்பில் பல் வளைந்து அங்கங்கே வாய் திறந்திருக்கும். தடித்த அழைப்பிதழ் அட்டை பல்லுக்குள் தாராளமாக நுழைந்தால் அந்தச் சீப்பை விட்டுவிடுங்கள்.

ஒருநாள் வாரினால் முட்டைகள் மிஞ்சும், அது தவிர்க்க முடியாதது. மயிரில் முட்டையை ஒட்டும் பசை மயிரைப் போலவே புரதம். அதைக் கரைக்கும் எதுவும் மயிரையும் கரைக்கும். எனவே குஞ்சு பொரியவிட்டு, அது முட்டையிடும் வயதை அடையுமுன் வாரி எடுப்பதுதான் வழி. முட்டை பொரிக்க 7 முதல் 10 நாள். குஞ்சு வளர்ந்து முட்டையிட இன்னும் 9 நாளாவது வேண்டும். இதிலிருந்து வருவதுதான் 1, 5, 9, 13 என்ற நாட்கணக்கு. ஞாயிறு தொடங்கினால் வியாழன், அடுத்த திங்கள், வெள்ளி. முதல்நாள் இட்ட முட்டைகூட 11ஆம் நாளுக்குள் பொரித்து, 13ஆம் நாள் சீப்பில் அகப்படும். 17ஆம் நாள் ஒருமுறை வாரிப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

இடையில் துணியில் விழுவதைக் கவனியுங்கள். 5ஆம் நாள் பொடிக் குஞ்சுகள் வந்தால் எல்லாம் சரியாகப் போகிறது. எள்ளளவு பேன் வந்தால், முதல்நாள் தவறவிட்டது அல்லது வேறு தலையிலிருந்து புதிதாக ஏறியது. அன்றையதை மறுபடி முதல்நாளாக எண்ணுங்கள். ஒரே பாயில் தலையோடு தலை வைத்துப் படுக்கும் தங்கை, அம்மம்மா எல்லாருடைய தலையையும் அதேநாளில் வாரிப் பார்க்க வேண்டும். பேன் இருப்பவர்களுக்கு மட்டும் வைத்தியம்.

மருந்து வேண்டுமென்றால் பாமசியில் 1 சதவீதப் பெர்மெத்ரின் கேளுங்கள். கண்டிஷனர் இல்லாமல் முழுகித் துடைத்த ஈரமயிரில் பூசி, 10 நிமிடம் விட்டு, தலையை முன்பக்கம் கவிழ்த்துக் கழுவுங்கள். இது பேனின் நரம்பைத் தாக்கும் மருந்து. முட்டைக்குள் நரம்பு உருவாகாத கருவை அது தொடாது. எனவே 9ஆம் நாள் இன்னொருமுறை பூச வேண்டும். பூசி 12 மணித்தியாலம் கழித்தும் பேன் முன்போலவே ஓடினால், அந்தப் பேனுக்கு மருந்து பழகிவிட்டது. உலகின் பல இடங்களில் இப்படி ஆகியிருக்கிறது. அதையே திரும்பத் திரும்பப் பூசாமல் வைத்தியரிடம் வேறு மருந்து கேளுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இதைப் பூசக்கூடாது.

வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தலையில் வைக்கவே வேண்டாம். வன்னியில் வீட்டு மூலையில் போத்தல் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வயல் மருந்தின் செறிவு வேறு; சொறிந்து புண்ணான தோல் அதை உறிஞ்சி உயிருக்கே ஆபத்தாகும். யாராவது பூசிவிட்டு வாயில் நீர் வடிதல், வாந்தி, அதிக வியர்வை கண்டால், சவர்க்காரம் போட்டு உடனே கழுவி, 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். மண்ணெண்ணெய் பூசிய தலை குப்பிவிளக்கோ அடுப்போ கிட்ட வந்தாலே பற்றும்.

வீட்டைக் கழுவிக் கொட்டத் தேவையில்லை. தலையை விட்டு விழுந்த பேன் இரத்தம் இல்லாமல் ஓரிரு நாளில் சாகும். கடைசி இரண்டு நாள் பாவித்த தலையணையுறை, துவாய், ரிபனைச் சுடுநீரில் தோய்த்துக் காயவிட்டால் போதும். பள்ளிக்கூடத்தை நிறுத்தவும் வேண்டாம், மொட்டையடிக்கவும் வேண்டாம்.

பேன் முழுதாகப் போன பிறகும் அரிப்பு ஒன்றிரண்டு கிழமை தொடரலாம். அதற்காக மறுபடி மருந்து வைக்கக்கூடாது, வாரிப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். புண்ணில் சீழ் வடிந்தாலோ, காய்ச்சலோடு கழுத்தில் நெறி கட்டினாலோ, அது கிருமித்தொற்று. பேன்சீப்பை வைத்துவிட்டுப் பிள்ளையை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.