குப்பைமேட்டுத் தக்காளியும் மூச்சுமுட்டிய நுண்ணுயிர்களும்

"விலை விழுந்தால் பாலக்கோடு பக்கம் தக்காளியைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். மட்கி மண்ணோடுதானே சேர்கிறது, அதில் காற்றுக்கு என்ன கெடுதல்?" என்று தர்மபுரி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

எங்கே கொட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. வயலில் பரவலாகக் கிடந்தால் பெரிய கெடுதல் இல்லை. பாதி வெயிலில் காய்ந்துவிடும், மீதியை மாடு தின்னும். அதே தக்காளி ஊர்க் குப்பைமேட்டில் பாலித்தீன் பைகளோடு பத்தடி ஆழத்தில் அமுங்கினால் கதை வேறு. பூமியைச் சூடேற்றும் மீத்தேன் வாயு அங்கிருந்து கிளம்பும்.

நுண்ணுயிர்களில் பலவும் நம்மைப் போலத்தான் சர்க்கரையை ஆக்சிஜனோடு எரித்து வாழ்கின்றன. ஈரக் குவியலுக்குள் இருக்கிற ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். வெளியிலிருந்து புதிதாக வருவதும் கடினம், ஏனென்றால் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அது சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. தக்காளியோ நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர்.

ஆக்சிஜன் போனதும் நொதிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலங்களாகவும் ஹைட்ரஜனாகவும் உடைக்கின்றன. புதுக் குப்பையின் புளித்த வாடை இதுதான். அடுத்து வருகிற இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பியூட்டிரிக் போன்ற அமிலங்களை மேலும் உடைத்து வாழும் பாக்டீரியாக்கள் சில உண்டு. அவை வெளியேற்றும் ஹைட்ரஜன் சுற்றிலும் கொஞ்சம் சேர்ந்துவிட்டால்கூட அந்த வினை நின்றுவிடும், பாக்டீரியா பட்டினி கிடக்கும். அதனால் அந்த ஹைட்ரஜனை உடனுக்குடன் தின்றுதீர்க்க ஒரு கூட்டாளி வேண்டும்.

அந்தக் கூட்டாளி பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்ற தனி வகை உயிர். அது ஹைட்ரஜனைக் கார்பன் டை ஆக்சைடோடு சேர்த்து மீத்தேனாக்கி, அதில் கிடைக்கும் அற்ப ஆற்றலில் பிழைக்கிறது. அதன் உறவுக்கார இனங்கள் சில அசிட்டிக் அமிலத்தையே பிளந்து மீத்தேன் தருகின்றன. ஆல்கஹாலைத் தின்று மீத்தேன் தரும் தனியொரு உயிர் என்று நம்பி ஆய்வகங்களில் வளர்த்துவந்த ஒன்றை, 1967-இல் நுண்ணுயிர் ஆய்வாளர் பிரையன்ட்டும் அவருடைய குழுவினரும் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்தவை இரண்டு உயிர்கள்! ஒன்று ஆல்கஹாலை உடைத்து ஹைட்ரஜனை விட, மற்றது அதைத் தின்றுகொண்டிருந்தது. தனியே பிரித்ததும் முதலாவதால் ஆல்கஹாலில் சரியாக வளரக்கூட முடியவில்லை.

(சதுப்பில் கொள்ளிவாய்ப் பிசாசு எரிகிறது என்று பயந்தவர்களுக்கு இந்த ஜோடியைப் பற்றிச் சொன்னால் பிசாசே மேல் என்பார்கள்.)

சரி, எவ்வளவு மீத்தேன் வரும்? ஒரு டன் தக்காளியில் தண்ணீர் போக ஏறக்குறைய 60 கிலோ மிஞ்சும். அதில் 50 கிலோ சர்க்கரை போல முழுதும் சிதைகிறது என்று வைத்துக்கொள்வோம். 180 கிராம் குளுக்கோஸ் 48 கிராம் மீத்தேன் தரும் என்பதால், 13 கிலோ மீத்தேன் கிடைக்கும். நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் அதே எடைக் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும், ஆக இது 360 கிலோவுக்குச் சமம். இது உச்ச அளவு. நிஜத்தில் எல்லாம் சிதையாது, மேலே மண் மூடியிருந்தால் அங்குள்ள வேறு பாக்டீரியாக்கள் வெளியேறும் மீத்தேனில் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

உரக்குவியலில் அதே சர்க்கரை ஆக்சிஜனோடு முழுதாக எரிகிறது. வருவது கார்பன் டை ஆக்சைடு. செடி சில மாதம் முன்பு காற்றிலிருந்து எடுத்ததுதான் திரும்பிப் போகிறது. குவியல் 55, 60 டிகிரி வரை கொதிப்பதும் இதனால்தான். காற்றில்லாத குழியில் சர்க்கரையின் ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மீத்தேனுக்குள்ளேயே தங்கிவிடுவதால் சூடு அவ்வளவாக வராது.

ஆனால் தக்காளியை அப்படியே குவித்தால் அது உரம் ஆகாது, இன்னொரு குப்பைமேடுதான். குவியலின் ஈரம் நூற்றுக்கு 60-ஐத் தாண்டாமலிருக்க, 100 கிலோ தக்காளிக்குக் காய்ந்த கேழ்வரகுத் தாள் 68 கிலோ வேண்டும். இவ்வளவுக்கு எங்கே போவது? தக்காளியை நசுக்கிப் பரப்பி, எடை பாதியாகும்வரை காயவைத்தால் 28 கிலோ தாளே போதும். தென்னை நார்க்கழிவு, கடலைத்தோல் எதுவானாலும் சரி, நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். உரக் கொட்டகைக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சத்தைத் தாள் வாங்க ஒதுக்கலாம் என்பது என் கருத்து. தாள் இல்லாத கொட்டகையில் நடப்பது நொதித்தல் மட்டுமே.

ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள். ஓரிரண்டு சொட்டு விழுந்தால் சரியான ஈரம், ஒழுகினால் உள்ளே காற்று இல்லை. மூன்று நான்கு நாளாகியும் நடுவில் செருகிய இரும்புக் கம்பி சுடாமல் புளிப்போ அழுகிய முட்டை நாற்றமோ வந்தால், ஆர்க்கியாவுக்கு இடம் தயாராகிக்கொண்டிருக்கிறது. பிரித்துக் கிளறி, தாள் கலந்து மறுபடி குவியுங்கள். நன்றாகப் பராமரித்த குவியலிலும் நடுவில் காற்று எட்டாத கட்டிகளிலிருந்து கொஞ்சம் மீத்தேன் கசியும். அடிக்கடி கிளறினால் அது குறையும், முற்றிலும் நிற்காது.