கண்ணை எங்கே வைப்பது? ஒரு நேர்காணல் ஃப்ரேமின் கணக்கு

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்யும் ஒரு பெரியவரைப் பேட்டி எடுக்கப் போயிருந்தேன். பட்டறையில் மர ஸ்டூலில் அவரை உட்கார வைத்து, முகத்தைத் திரையின் நட்ட நடுவில் நிறுத்தி, ரெக்கார்ட் பட்டனை அழுத்தினேன். ஃபோகஸ் தெளிவு, ஒலி தெளிவு, ஜன்னல் வெளிச்சமும் நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், மனிதர் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருப்பது போலத் தெரிந்தார். தலைக்கு மேலே சுவரும் டியூப்லைட்டும்தான் பெரிதாக இருந்தன. கேமராவில் ஃபோகஸ் கட்டம் நடுவில் இருப்பதால் முகத்தையும் நடுவில் வைத்துவிடுகிறோம். அது குறி பார்க்கத் தோதான இடம், முகத்தை விட்டுவைக்கத் தோதான இடம் அல்ல.

அந்த ஃப்ரேமை அளந்து பார்த்தேன். வழக்கமான எச்.டி. வீடியோ 1920 பிக்சல் அகலம், 1080 பிக்சல் உயரம். என்னிடம் இருந்தது ஏபிஎஸ்-சி சென்சார் கேமரா, 50 மி.மீ. லென்ஸ், அவருக்கும் லென்ஸுக்கும் இடையே 2 மீட்டர். இந்தக் கணக்கில் ஃப்ரேமுக்குள் அடங்கும் உயரம் சுமார் 53 செ.மீ.; நெஞ்சுக்கு மேல்தான் தெரியும். ஒரு ஆளின் தலை, உச்சியிலிருந்து மோவாய் வரை, ஏறக்குறைய 23 செ.மீ. அப்படியென்றால் திரையில் தலையின் உயரம் சுமார் 470 பிக்சல்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. கண்கள் முகத்தின் மேல்பகுதியில் இருப்பதாகத்தான் நமக்கு நினைப்பு. உண்மையில் வளர்ந்தவர்களுக்குக் கண் இருப்பது தலையின் பாதி உயரத்தில். வரையக் கற்றுக்கொள்பவர்கள் முதல் வாரத்திலேயே இதில் அடிபடுவார்கள். ஆகவே 470 பிக்சல் தலையில், கண்ணிலிருந்து உச்சி வரை 235, கண்ணிலிருந்து மோவாய் வரை 235.

நான் செய்த தவற்றில் கண்கள் மேலிருந்து எண்ணினால் 540-ஆவது பிக்சலில், அதாவது சரிபாதியில் இருந்தன. உச்சிக்கு மேலே 305 பிக்சல் வெற்றிடம். ஃப்ரேமில் கால்வாசிக்கும் அதிகம். கீழே மோவாய் 775-இல் முடிந்தது. பெயர்ப் பட்டை வழக்கமாகக் கீழ் மூன்றிலொரு பகுதியில், 720-க்குக் கீழே வரும். அங்கே பட்டையைப் போட்டால் அவர் மோவாயையே மூடிவிடும்.

இப்போது கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்தோ, டிரைபாடை இறக்கியோ, கண்களை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில், 360-இல் நிறுத்துவோம். தலைக்கு மேல் மீதி 125 பிக்சல். மோவாய் 595-இல் முடிகிறது, பெயர்ப் பட்டை நெஞ்சின் மேல் அழகாக உட்காருகிறது. தலைக்கு மேல் விடும் இந்த இடத்தைத்தான் ஹெட்ரூம் என்கிறார்கள். அதை விரல்கடை வைத்துத் தனியாக அளக்க வேண்டியதில்லை. கண்ணைக் கோட்டில் வைத்தால் ஹெட்ரூம் தானாக வந்துவிடும். கேமராவின் மெனுவில் கிரிட் என்று இருப்பதை ஆன் செய்தால் அந்தக் கோடு திரையிலேயே தெரியும்.

இன்னும் நெருங்கினால் என்ன ஆகும்? 1.2 மீட்டருக்கு வந்தால் தலை 780 பிக்சல். கண் 360-இலேயே இருந்தால் உச்சி ஃப்ரேமுக்கு வெளியே 30 பிக்சல் போய்விடும். போகட்டும், விடுங்கள். க்ளோசப்பில் உச்சந்தலை வெட்டுப்படுவது யாருக்கும் உறுத்தாது. மோவாய் வெட்டுப்பட்டால் உடனே உறுத்தும், பேசும்போது அசைவது அதுதானே. மோசமானது இரண்டுக்கும் நடுவில் நிற்பது. தலைமுடி மேல் விளிம்பைச் சரியாகத் தொட்டுக்கொண்டிருந்தால், ஆளை மேலே ஒட்டித் தொங்கவிட்டது போல் இருக்கும். ஒன்று தெளிவாக இடம் விடுங்கள், இல்லையென்றால் துணிந்து வெட்டுங்கள்.

சரி, இந்த மூன்றில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது? ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் 1797-இல் கிராமத்து இயற்கைக் காட்சிகளை வரைவது பற்றி எழுதிய புத்தகத்தில்தான் ‘ரூல் ஆஃப் தேர்ட்ஸ்’ என்ற பெயர் வருகிறது. நீருக்கு இரண்டு பங்கு, நிலத்துக்கு ஒரு பங்கு என்ற மாதிரிக் கணக்கு அது. மனித முகத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. இதை ஏதோ கண்ணின் உடலியல் விதி போல யூடியூபில் சொல்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். நெஞ்சளவு ஷாட்டில் கண் 360-இல் நன்றாக இருப்பதற்குக் காரணம், அந்த அளவுத் தலைக்கு ஹெட்ரூம் அங்கே பொருந்திவருவதுதான். தலையின் அளவு மாறினால் கோடும் கொஞ்சம் மாறும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஆளை நடுவில் வைப்பதா, இடது வலது பக்கம் தள்ளி வைப்பதா என்ற கேள்விக்கு உண்மையிலேயே ஆய்வு இருக்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் பால்மரும் அவருடன் இருந்தவர்களும் 2008-இல் வெளியிட்டது. ஒரு சட்டத்துக்குள் ஒரே ஒரு பொருளை வெவ்வேறு இடங்களில் வைத்து, எது பார்க்க நன்றாக இருக்கிறது என்று கேட்டார்கள். பொருள் நேராக நம்மைப் பார்த்து இருந்தால், மக்களுக்கு அது நடுவில் இருப்பதே பிடித்தது. பக்கவாட்டில் திரும்பியிருந்தால், சட்டத்தின் உட்புறம் நோக்கி இருப்பது பிடித்தது. அதாவது அதன் முன்பக்கம் அதிக இடம் வேண்டும்.

நேர்காணலுக்கு இது அப்படியே பொருந்துகிறது. கேமராவைப் பார்த்து நேயர்களிடம் பேசும் ஆளை நடுவில் வையுங்கள். மூன்றிலொரு கோட்டுக்கு இழுத்துப்போனால் காரணமில்லாமல் ஒதுக்கி வைத்தது போல் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துப் பேசுகிறார் என்றால், பார்வை போகும் பக்கம் இடம் விடுங்கள். இதற்கு லுக் ரூம் என்று பெயர். ஒருவர் ஒரு பக்கம் பார்த்தால் நம் கவனமும் நம்மை அறியாமல் அந்தப் பக்கம் ஓடும். தெருவில் ஒருவர் அண்ணாந்து பார்த்தால் நாமும் பார்க்கிறோமே, அதேதான். அப்படி ஓடுகிற கவனம் உடனே ஃப்ரேமின் விளிம்பில் முட்டிக்கொண்டால் படம் ஒரு பக்கம் கவிழ்ந்தது போல் தோன்றும். முன்னால் இடம் இருந்தால் அந்த வெற்றிடத்துக்கு ஒரு வேலை கிடைக்கிறது: கேள்வி கேட்பவர் அங்கே இருக்கிறார் என்று மனம் வைத்துக்கொள்கிறது.

இரண்டாவது முறை பட்டறைக்குப் போனபோது பெரியவரை இடது கோட்டில், அதாவது இடது விளிம்பிலிருந்து 640-இல் வைத்தேன். அவர் வலது பக்கம் பார்க்க வேண்டும் என்றால் நான் கேமராவுக்கு வலப்பக்கம் உட்கார வேண்டும். வலம் என்பது கேமராவுக்குப் பின்னால் நிற்பவரின் வலம். இதில் குழம்பித்தான் பாதிப்பேர் ஆளை விளிம்பைப் பார்க்க விட்டுவிடுகிறார்கள். நேர்ந்துவிட்டால் யாரையும் எழுப்ப வேண்டாம். கேமராவைக் கொஞ்சம் திருப்பி, ஆளை எதிர்க் கோட்டுக்குக் கொண்டுபோனால் போதும்.

எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும் என்பதில்தான் நேர்காணலின் உயிர் இருக்கிறது. என் தலை லென்ஸிலிருந்து 35 செ.மீ. தள்ளி இருந்தால், 2 மீட்டரில் இருக்கும் அவருடைய பார்வை லென்ஸிலிருந்து வெறும் 10 பாகை விலகும். இரண்டு கண்ணும் தெரியும், முகபாவம் முழுதாகக் கிடைக்கும். அதே நான் 1 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் விலகல் 27 பாகை ஆகிவிடும். அப்போது முகம் திரும்பி, தூரத்துக் கண் மூக்கின் பின்னால் ஒளியத் தொடங்கும்; நேயர் பேச்சில் பங்குபெறாமல் ஓரமாக நின்று ஒட்டுக்கேட்பது போல ஆகிவிடும். நான் கிட்டத்தட்ட கேமராவோடு தோள் உரசித்தான் உட்காருவேன்.

உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும்: அவர் கண், லென்ஸ், என் கண். கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேள்வி கேட்டால் அவர் அண்ணாந்து பார்ப்பார். அப்படி ஆகியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க, கருவிழிக்குக் கீழே வெள்ளை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஒரு ஸ்டூலைத் தேடுங்கள்.

ஐலைன் என்பது இந்தப் பார்வைக் கோடுதான். அது ஓர் இடத்தில் நிற்க வேண்டும். பெரியவர் தொடக்கத்தில் என்னையும் லென்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். “தம்பி, அந்தக் கண்ணாடியைப் பார்க்கணுமா, உங்களைப் பார்க்கணுமா?” என்று அவரே கேட்டுவிட்டார். “ஐயா, கேமரா இருக்கறதையே மறந்துடுங்க, என்கிட்ட மட்டும் பேசுங்க” என்றேன். எதிரே தலையாட்டிக்கொண்டு நின்ற என் நண்பனையும் அவர் பார்வையிலிருந்து நகர்த்தினேன். 10 பாகை விலகல் பேச்சாகத் தெரியும். 10 பாகைக்கும் பூஜ்யத்துக்கும் இடையே தத்தளிக்கிற கண், எதையோ மறைக்கிறவரின் கண்ணாகத் தெரியும். பாவம், அவர் மறைக்க என்ன இருக்கிறது.

இவ்வளவு செய்தும் ஃப்ரேம் கெடும், ஏனென்றால் மனிதர்கள் சரிவார்கள். பேச்சு சூடு பிடித்ததும் முதுகு வளையும். 5 செ.மீ. சரிந்தால் இந்த ஷாட்டில் அது 100 பிக்சல். 125 இருந்த ஹெட்ரூம் 225 ஆகிவிடும். அரை மணி நேரத்தில் மறுபடி கிணறுதான். அதனால் ஒவ்வொரு கேள்வி முடியும்போதும் ஒருமுறை கிரிட்டைப் பார்த்துக்கொள்கிறேன். பதில் நடுவில் திருத்துவதில்லை, அந்த அசைவு படத்தில் தெரியும்.

ரீல்ஸுக்காக இந்த ஃப்ரேமை நெட்டுக்குத்தாக வெட்டினால் பக்கவாட்டுக் கணக்கு பெரும்பாலும் செல்லாது. 1080 உயரத்தில் 9:16 சட்டத்தின் அகலம் சுமார் 607 பிக்சல்தான். அதில் முகமே ஏறக்குறைய பாதியை அடைத்துக்கொள்ளும். நடுவிலிருந்து ஒரு துளி நகர்த்தலாம், அவ்வளவுதான்.

கடைசியில் பெரியவர் தாம் செய்த நாகஸ்வரத்தை எடுத்து வாசித்துக் காட்டுவதாகச் சொன்னார். குழல் அவர் பார்க்கும் பக்கமே நீண்டு கீழே இறங்குகிறது. நான் விட்டிருந்த லுக் ரூமை உலவு என்ற அந்த நீண்ட மரக்குழாய் முழுக்க அடைத்துக்கொண்டு, அதன் நுனியில் விரியும் அணசு ஃப்ரேமுக்கு வெளியே போய்விட்டது. டிரைபாடைத் தூக்கிக்கொண்டு 4 மீட்டருக்குப் பின்வாங்கினேன். இப்போது தலை 235 பிக்சல்தான். கண்ணை அதே 360-இல் வைத்தால் தலைக்கு மேல் 240-க்கு மேல் காலி, கீழே குழல் நெருக்கடியில் இருக்கிறது. கோட்டை விட்டுவிட்டு, கண்ணை 250-க்கு ஏற்றினேன். ஹெட்ரூம் 130 சொச்சத்துக்கு வந்தது, கீழே அணசுக்கும் இடம் கிடைத்தது.

ஊதும் சீவாளியை வாயில் வைக்கப் போனவர், நிறுத்தி, “நான் தெரியலன்னா பரவாயில்ல தம்பி, அணசு தெரியுதா?” என்றார்.