'இன்பாக்ஸுக்கு வாங்க' என்று சொல்வதற்கு முன்

வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்கள் ஒரு நாளில் அதிகம் தட்டச்சு செய்யும் வரி எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: "உங்கள் விவரங்களை இன்பாக்ஸில் அனுப்பவும்." கேட்கும் நமக்கு இது சாதாரண வேலை. கமென்டைப் படிக்கும் மற்றவர்களுக்கோ, சத்தம் போடுகிறவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்துவது போலத் தெரிகிறது. இரண்டு பக்கமும் பொய் இல்லை. வரி ஒன்றுதான், அதைப் பார்க்கும் இடம்தான் வேறு.

நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே மடக்கு மேசை விற்றோம். புதிய மேசைக்கான விளம்பரப் பதிவின் கீழே ஒரு பெண்மணி எழுதியிருந்தார்: "கால் பூட்டு உடைந்த மேசை வந்தது. 4 நாளில் மாற்றித் தருகிறோம் என்றீர்கள். இன்றோடு 11 நாள். புது மேசைக்கு விளம்பரம் போட நேரம் இருக்கிறது, பழைய மேசைக்குப் பதில் சொல்ல நேரம் இல்லையா?"

வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமே ஆன ஒரு தம்பி உடனே பதில் போட்டுவிட்டார். "வணக்கம்! ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். உங்கள் ஆர்டர் விவரங்களை இன்பாக்ஸில் அனுப்பவும்." பத்து நிமிடத்தில் பதில் போட்டதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அடுத்த இரண்டு மணி நேரத்தில் அதன் கீழே நடந்தது வேறு. யாரோ ஒருவர், "இன்பாக்ஸுக்கு வா என்றால் அமுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம்" என்றார். இன்னொருவர், "எனக்கும் அதே பூட்டுதான்" என்றார். பிறகு அந்தப் பெண்மணியே வந்து, "ஏற்கெனவே 2 முறை இன்பாக்ஸில் அனுப்பிவிட்டேன், பதிலே இல்லை" என்று ஸ்கிரீன்ஷாட்டும் போட்டார்.

போய்ப் பார்த்தோம். இரண்டு மெசேஜும் இருந்தன. இரண்டுக்கும் "விரைவில் தொடர்பு கொள்கிறோம்" என்று தானியங்கிப் பதில் போயிருந்தது. பதில் போய்விட்டது என்று நினைத்து, மாலை ஷிஃப்டில் யாரோ அவற்றை முடிந்தவற்றின் பட்டியலுக்குத் தள்ளியிருந்தார்கள். அவர் ஏற்கெனவே தட்டிவிட்டு வந்த கதவையே நாம் மறுபடியும் காட்டியிருக்கிறோம். பொதுவெளியில் ஒரு வரி எழுதுவதற்கு முன் அந்தப் பெயரை இன்பாக்ஸில் தேட வேண்டும் என்று அன்று முதல் பழக்கப்படுத்திக்கொண்டோம். முப்பது வினாடி வேலை. பாதிச் சண்டை அதிலேயே அடங்கிவிடும்.

அந்தத் தம்பியின் பதிலில் மரியாதைக்குக் குறை இல்லை. குறை என்னவென்றால், அது எந்தப் புகாருக்கும் பொருந்தும். மேசை, பூட்டு, 11 நாள் என்ற எதுவும் அதில் இல்லை. படிக்கிறவருக்கு, புகாரைக் காதில் வாங்காமல் ஆளை மட்டும் அப்புறப்படுத்துகிறார்கள் என்று தோன்றுவது இயல்பே. கூடவே, ஏன் உள்ளே வர வேண்டும், அதன்பின் என்ன நடக்கும் என்பதும் அதில் இல்லை.

என் கணக்கு இதுதான். ஒரு புகாரை முழுதாக உள்ளே நகர்த்தவே கூடாது. அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். என்ன தவறு நடந்தது, அதற்கு என்ன செய்கிறோம், எப்போது முடியும் என்பதெல்லாம் வெளியிலேயே இருக்க வேண்டும். பெயர், முகவரி, ஃபோன் எண், ஆர்டர் எண், பணம் போன கணக்கு ஆகியவை மட்டும் உள்ளே போக வேண்டும். இந்தப் பிரிவினை வெளியே படிப்பவருக்கும் தெரிய வேண்டும் என்பதுதான் முக்கியம்.

அன்று அந்தக் கமென்டின் கீழே நான் எழுதிய பதில்:

"பூட்டு உடைந்த மேசை வந்ததும், 4 நாள் என்று சொல்லி 11 நாள் இழுத்ததும் எங்கள் தவறு. நீங்கள் இன்பாக்ஸில் 2 முறை எழுதியதைப் பார்த்தோம். பதில் போடாமல் விட்டதும் நாங்கள்தான். உங்கள் ஆர்டர் எண்ணும் முகவரியும் அந்த மெசேஜிலேயே இருக்கின்றன, மறுபடி அனுப்ப வேண்டாம். அவற்றை இங்கே பேச முடியாது என்பதால் இன்று மாலை 5 மணிக்குள் இந்தப் பேஜிலிருந்தே இன்பாக்ஸில் எழுதுவேன். என்ன முடிவானது என்பதை இங்கேயும் சொல்கிறேன்."

கீழே என் பெயரைப் போட்டேன். நிறுவனத்தின் பெயரில் வரும் பதிலைவிட ஓர் ஆள் பெயரில் வரும் பதிலுக்குக் கோபம் கொஞ்சம் இறங்கும். அதோடு, அடுத்த ஷிஃப்டில் வருபவருக்கு யாரைக் கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.

அந்தப் பதிலில் 'இந்தப் பேஜிலிருந்தே' என்று எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. கமென்டில் புகார் எழுதுகிறவர்களைத் தேடித் திரியும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். நிறுவனத்தின் லோகோவையே போட்டு, ஏறக்குறைய அதே பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, "நாங்கள்தான் வாடிக்கையாளர் சேவை, ரீஃபண்ட் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள்" என்று முதலில் போய் நிற்பார்கள். "இன்பாக்ஸில் பேசுவோம்" என்று நாம் பொதுவில் சொல்வது அவர்களுக்கும் கேட்கும். அதனால் எந்தக் கணக்கிலிருந்து மெசேஜ் வரும் என்பதைப் பொதுவிலேயே சொல்லிவிட வேண்டும். பணம் சம்பந்தப்பட்ட புகார் என்றால் ஓடிபி, கடவுச்சொல், கார்டு எண் எதுவும் கேட்க மாட்டோம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வேன். உள்ளே அழைப்பதற்கு நாம் சொல்லக்கூடிய நேர்மையான காரணமும் இதுதான். "உங்கள் எண்ணை இங்கே எழுதினால் யார் வேண்டுமானாலும் உங்களைக் கூப்பிடலாம்" என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

முடிந்தவரை முதல் மெசேஜை நாமே அனுப்புவது நல்லது. ஏமாந்தவரிடம் போய் மறுபடியும் ஒரு வேலையைக் கொடுப்பானேன்? ஃபேஸ்புக்கில் பேஜ் நடத்துபவர்கள் ஒரு கமென்டுக்கு நேராக இன்பாக்ஸில் பதில் அனுப்ப முடியும். ஆனால் ஒரு கமென்டுக்கு ஒரு மெசேஜ்தான், அதுவும் கமென்ட் வந்த 7 நாளுக்குள். அவர் பதில் எழுதிய பிறகுதான் உரையாடல் தொடரும். ஆகவே அந்த ஒரே மெசேஜை "வணக்கம், எப்படி உதவலாம்?" என்று வீணாக்கக் கூடாது. கமென்டில் அவர் சொன்னதைக் குறிப்பிட்டு, நமக்குத் தெரிந்ததைச் சொல்லி, தேவையான ஒரே விவரத்தைக் கேட்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் நம்மைப் பின்தொடராதவருக்கு அனுப்பினால் மெசேஜ் கோரிக்கைகள் பகுதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே பார்க்கும்படி கமென்டில் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால், நாம் எழுதியதே அவருக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்து, "சொன்னபடி யாரும் எழுதவில்லை" என்று வந்து நிற்பார்.

உள்ளே பேசுவதும் வெளியே பேசுவதும் ஒரே தொனியில் இருக்க வேண்டும். வெளியே மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே, "நீங்கள் பெட்டியைத் திறந்தபோது பூட்டைச் சரியாகப் பார்த்தீர்களா?" என்று குறுக்கு விசாரணை நடத்தினால், ஐந்து நிமிடத்தில் அதன் ஸ்கிரீன்ஷாட் வெளியே தொங்கும். இன்பாக்ஸில் எழுதும் ஒவ்வொரு வரியும் கமென்டில் வந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இங்கேதான் மேலிடத்திலிருந்து ஓர் ஆசை வரும். எனக்கும் வந்தது. "கூடவே ஒரு தள்ளுபடிக் கூப்பன் கொடுத்து, கமென்டை எடுத்துவிடச் சொல்லுங்களேன்." செய்யவில்லை. இழப்பீட்டையும் கமென்டை நீக்குவதையும் ஒரே மூச்சில் பேசினால் அது பேரமாகிவிடும். அதற்குப் பிறகு நாம் மறைக்கவில்லை என்று சொல்ல வாயே இருக்காது. அவராகவே நீக்கினால் அது அவர் இஷ்டம். நாம் கேட்கக் கூடாது.

கமென்டை 'ஹைட்' செய்வதும் அதே ரகம். ஃபேஸ்புக்கில் அப்படி மறைத்த கமென்ட், எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் வழக்கம்போலத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. கண்டுபிடிக்க மாட்டார் என்று நினைக்காதீர்கள். நண்பர் பட்டியலில் இல்லாத ஒருவர் ஃபோனில் பார்த்தால் போதும். எனக்குத் தெரிந்து மறைக்க நியாயமான காரணம், அவசரத்தில் அவரே தன் ஃபோன் எண்ணையோ முகவரியையோ கமென்டில் போட்டுவிடுவதுதான். அப்போதும் உடனே உள்ளே எழுதி, எதற்காக மறைத்தோம், எண்ணை எடுத்துவிட்டு அதே புகாரை மறுபடி போடலாம் என்று சொல்லிவிட வேண்டும்.

சரி, "எனக்கும் அதே பூட்டுதான்" என்ற அந்த இன்னொருவர்? அவரையும் இன்பாக்ஸுக்கு அழைப்பதுதான் கை தானாகச் செய்யும் வேலை. அது தவறு. ஒருவருடைய ஆர்டரில் நடந்த குழப்பம் தனிப்பட்டது. இரண்டு பேருக்கு ஒரே பூட்டு உடைந்தால் அது பொதுச் செய்தி. கிடங்கில் கேட்டோம். ஒரு குறிப்பிட்ட லாட்டில் பூட்டு இருக்கும் பக்கம் அட்டைத் தடுப்பு இல்லாமல் பெட்டி கட்டியிருந்தார்கள். அன்று மாலையே பேஜில் தனிப் பதிவு போட்டோம். பூட்டை எப்படிச் சோதிப்பது, விரிசல் இருந்தால் பொருள் எதுவும் ஏற்றாமல் படம் எடுத்து அனுப்புவது, மாற்றிக்கொள்ளச் செலவு எங்களுடையது என்று எழுதினோம். அதே மேசை பற்றி வந்த அடுத்தடுத்த கமென்டுகளுக்கு அந்தப் பதிவைக் காட்டினோம். முகவரிக்கு மட்டும் உள்ளே போனோம்.

கமென்ட் எழுதியவர் கடைசி வரை இன்பாக்ஸுக்கு வராமல் இருப்பதும் உண்டு. வெளியிலேயே திட்டிக்கொண்டிருப்பார். "நேற்று காலை 11 மணிக்கு எழுதியிருக்கிறோம், பதில் வந்ததும் தொடர்கிறோம்" என்று ஒரு முறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன். திரும்பத் திரும்ப அழைப்பது கெஞ்சுவது போலவும் இருக்கும், துரத்துவது போலவும் இருக்கும்.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடும் இடம் கடைசிப் பதில். உள்ளே பிரச்சினை தீர்ந்ததும் நமக்கு வேலை முடிந்துவிட்டது. வெளியே படிப்பவருக்குக் கதை "இன்பாக்ஸில் எழுதுகிறேன்" என்பதோடு நிற்கிறது. அதற்குப் பிறகு என்ன ஆனதோ! மேசை போய்ச் சேர்ந்த அன்று அவரிடமே கேட்டேன், "முடிந்தது என்று அந்தக் கமென்டில் எழுதலாமா?" எழுதுங்கள் என்றார். "மாற்று மேசை இன்று சேர்ந்தது. பழையதை எடுத்துவந்துவிட்டோம். இன்பாக்ஸ் மெசேஜ்களை முடித்துவைக்கும் முறையையும் மாற்றியிருக்கிறோம்" என்று எழுதினேன். ரீஃபண்ட் தொகை போன்றவற்றை அவர் சொல்லாமல் நாம் சொல்லக் கூடாது. "வாடிக்கையாளர் மகிழ்ச்சியடைந்தார்" என்று அவர் சார்பில் சான்றிதழ் எழுதவும் கூடாது.

அவர் அதற்கு லைக்கும் போடவில்லை, நன்றியும் சொல்லவில்லை. 11 நாள் காத்திருந்தவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. நாங்கள் புகார்களைக் குறித்துவைக்கும் தாளில் மட்டும் ஒரு புதிய பத்தியைச் சேர்த்தேன்: 'வெளியே முடிவு எழுதிய தேதி'. அந்தக் கட்டம் காலியாக இருக்கும்வரை புகாரை முடிந்ததாகக் கணக்கில் எடுப்பதில்லை. சேர்த்த முதல் வாரத்தில் தாளைப் பார்த்தேன், பாதிக் கட்டங்கள் காலி.