கல்விக் கடனின் வட்டி மானியம்: விவாத மேடையில் சொல்லப்பட்டதும் விதியில் உள்ளதும்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரக் கல்லூரி மாணவர்களுக்கான விவாத அரங்கில், உயர்கல்விக் கட்டணமும் கல்விக் கடனும் பற்றிப் பேசிய மாணவர் சங்கத் தலைவி ஒருவர் முன்வைத்த குற்றச்சாட்டு இது: "நான்கு லட்சம் கடன் வாங்கிப் படித்தவன், முதல் தவணை கட்டப் போகும் நாளில் ஐந்தரை லட்சத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. படித்துக்கொண்டிருந்த பிள்ளையிடம் வட்டி கேட்பது எந்த ஊர் நியாயம்?" பலத்த கைதட்டல் கிடைத்தது. அவர் சொன்ன கணக்கு ஏறக்குறையச் சரியானதே. ஆனால் அந்த வட்டியை மத்திய அரசே ஏற்றுக்கொள்ளும் திட்டம் 2009-10 கல்வியாண்டிலிருந்து நடைமுறையில் இருப்பதை அவர் ஒரே வாக்கியத்தில் கடந்துபோனார். தகுதியுள்ள குடும்பங்கள் பலவற்றுக்கு அத்திட்டம் தெரியாமலே போவதால், அதை இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் கணக்கு. பொறியியல் மாணவர் ஒருவர் நான்கு ஆண்டுகளுக்கும் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வீதம் கடன் பெறுகிறார் என்றும், வட்டி விகிதம் எளிமைக்காக 10 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. இதையே வங்கியில் மாரட்டோரியம் என்கிறார்கள். தவணைதான் இல்லையே தவிர, வட்டி உண்டு. இந்தக் காலத்துக்குத் தனிவட்டிதான் போடப்படுகிறது. முதல் ஆண்டு வாங்கிய லட்சத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 50,000 ரூபாய், அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000 என மொத்தம் 1,40,000 ரூபாய் சேர்கிறது. தவணை தொடங்கும்போது இத்தொகை அசலோடு சேர்க்கப்பட்டு, கடன் 5,40,000 ரூபாயாகிவிடுகிறது. அதன்பின் அந்த வட்டிக்கும் வட்டி ஓடும். பத்து ஆண்டில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் 7,136 ரூபாய். அந்த 1,40,000 ரூபாயை அரசு கட்டியிருந்தால் கடன் நான்கு லட்சமாகவே நின்று, தவணை சுமார் 5,286 ரூபாயாக இருந்திருக்கும். பத்து ஆண்டில் ஏற்படும் வித்தியாசம் ஏறத்தாழ 2,22,000 ரூபாய்.

இந்த வட்டி மானியம் யாருக்குக் கிடைக்கும்? பெற்றோரின் மொத்த ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். படிப்பு, பிளஸ் டூவுக்குப் பின் இந்தியாவிலேயே படிக்கும் தொழிற்கல்வியாகவோ தொழில்நுட்பக் கல்வியாகவோ இருக்க வேண்டும்; சாதாரண பி.ஏ., பி.எஸ்சி. படிப்புகளுக்கு இது பொருந்தாது. பொதுவாகக் கல்லூரிக்கு நாக் என்ற தேசிய மதிப்பீட்டு அமைப்பின் தரச்சான்றோ, படிப்புக்கு என்.பி.ஏ. என்ற தேசிய வாரியத்தின் அங்கீகாரமோ இருக்க வேண்டும். கடன், இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின் கீழ் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். மானியம் கணக்கிடப்படும் கடன் வரம்பு 10 லட்சம் ரூபாய். படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு, மருத்துவக் காரணம் இருந்தாலன்றி, மானியம் இல்லை.

இவற்றில் இந்தக் கடற்கரையில் அதிகம் சிக்குவது வருமானச் சான்றிதழ்தான். பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகில் போகும் தொழிலாளிக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. டீசல், ஐஸ் செலவு போக மீதியில் பங்கு பிரிப்பதே அவருக்கு வருமானம். ஆகவே வங்கி ஏற்பது வருவாய்த் துறையின் சான்றிதழை மட்டுமே. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் அதை வழங்குகிறார். கல்லூரிச் சேர்க்கைக்கு வாங்கிய சான்றிதழ் பையில் கிடக்க, வங்கிக்கு அதைக் கொடுக்காமலே கடன் வாங்கிவிடும் குடும்பங்கள் உண்டு. கடன் கேட்கும்போதே சான்றிதழைச் சேர்த்துக் கொடுத்து, விண்ணப்பத்தின் நகலில் வங்கியின் முத்திரையோடு ஒப்புகை பெறுவது அவசியம். ஏனெனில் மானியத்தைக் கோர வேண்டியது மாணவரல்ல, வங்கிக் கிளைதான். கிளைகள் அனுப்பும் கோரிக்கைகள் முகமை வங்கியான கனரா வங்கி வழியாகத் தீர்க்கப்படுகின்றன.

கிளை கோரியதா என்பதை எப்படி அறிவது? அரங்கில் முதலாமாண்டு மாணவர் ஒருவர், "அக்கா, மானியம் வந்துச்சா இல்லையான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். "கடன் கணக்கோட ஸ்டேட்மென்ட்டை வருஷா வருஷம் வாங்கிப் பாருங்க தம்பி" என்றார் தலைவி. அன்று சொல்லப்பட்டவற்றில் இதுவே மிகவும் பயனுள்ளது என்பது என் கருத்து. மானியம் தாமதமாகவே வரும் என்பதால், இடையில் வட்டி ஏறுவதைக் கண்டு பதற வேண்டாம். ஆனால் ஆண்டுகள் கடந்தும் வரவுப் பக்கத்தில் மானியத் தொகை ஒருமுறைகூடத் தென்படவில்லையென்றால், கடன் எந்தத் திட்டத்தின் கீழ் பதிவாகியுள்ளது, மானியம் கோரப்பட்டதா என்ற இரண்டையும் எழுத்துமூலமாகக் கேட்க வேண்டும். தவணை தொடங்கி, வட்டி அசலோடு சேர்ந்த பிறகு விழித்துக்கொண்டால் திருத்துவது கடினம்.

"வீட்டுப் பத்திரம் இல்லாமல் வங்கி வாசலைக்கூட மிதிக்க முடியாது" என்றும் தலைவி சொன்னார். அனுபவத்தில் அது உண்மையாக இருக்கலாம், விதி அப்படியில்லை. 4 லட்சம் ரூபாய் வரை, பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும், அடமானம் தேவையில்லை. அதற்கு மேல் 7.5 லட்சம் வரையுள்ள கடன்களுக்கு, 2015-இல் தொடங்கிய மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. அதன் கீழ் வரும் கடனுக்கும் அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ கேட்கப்படுவதில்லை. பட்டா இல்லாத இடத்தில் வீடு கட்டியிருக்கும் மீனவக் குடும்பங்களுக்கு இது சிறிய சலுகை அல்ல. விண்ணப்பத்தைக் கிளை மேலாளர் தாமாக நிராகரித்துவிடவும் முடியாது. அடுத்த மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். ஆகவே வாய்மொழியாக "இல்லை" என்றால் அதை எழுத்தில் கேட்பதே முறை.

வருமானம் 4.5 லட்சத்தைத் தாண்டினால்? 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், 8 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ள குடும்பத்தினருக்கு, 10 லட்சம் வரையுள்ள கடனுக்கு, மாரட்டோரிய காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. ஆனால் அரசு தெரிவு செய்த தரவரிசைக் கல்லூரிகளுக்கு மட்டுமே அது பொருந்தும். சேருமுன் பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இரு திட்டங்களுக்குள்ளும் வராதவர்கள் படிக்கும்போதே வட்டியைக் கட்டிவரலாம். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அது முதல் ஆண்டு மாதம் சுமார் 833 ரூபாய், நான்காம் ஆண்டு சுமார் 3,333 ரூபாய். அப்படிக் கட்டுபவர்களுக்கு வட்டியில் 1 சதவீதம் சலுகை தரவும் மாதிரித் திட்டத்தில் இடமுண்டு.

படித்து முடித்து வேலை கிடைக்காத பட்டதாரியின் தவணையை ஊரில் தந்தையே கட்டுகிறார் என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நேரடியாக இடிக்கும். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் இருந்தால் கடன் வாராக்கடனாகிவிடும். கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று வங்கிகள் பார்க்கும், கூட்டுக் கடனாளியான தந்தையின் சிபில் மதிப்பெண்ணும் விழும். தள்ளுபடி வரும் என்று நம்பிக் கட்டாமல் விடுவதன் விலையும் இதுதான். வேலையின்மைக் காலத்துக்கு, கடன் காலத்துக்குள் இரண்டு மூன்று முறை தவணையை நிறுத்திவைக்க மாதிரித் திட்டம் வங்கிகளுக்கு இடம் தருகிறது. ஆனால் அது தானாக நடப்பதில்லை. தவணை தவறுவதற்கு முன்பே, கடன் வாங்கியவர் கிளையில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.