நேர்முகத் தேர்வன்று காலையில் அனுப்பும் நான்கு வரி

முப்பது வயதை எட்டாத ஓர் இளைஞர் என் அறையில் அமர்ந்து, தமது கைத்தொலைபேசியை மேசைமீது வைத்து என் பக்கம் திருப்பிவிட்டு, "இதில் நான் என்ன பிழை விட்டேன் என்று சொல்லுங்கள்" என்றார். நண்பர் ஒருவரின் திருமண வீட்டில் அறிமுகமாகி, ஐந்து வாரங்களாகப் பழகிவரும் ஒரு பெண்ணுக்கு அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி அது. அன்று காலை 9.30க்குக் கொழும்புக் கோட்டையில் உள்ள ஒரு தனியார் நிறுவனத்தில் அந்தப் பெண்ணுக்கு நேர்முகத் தேர்வு இருந்தது. இருவரும் விரும்புகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. கொழும்பில் உளவளத்துணையாளராக இருக்கும் எனக்கு இத்தகைய கட்டத்தில் உள்ளவர்கள் காட்டும் செய்திகள் புதியவை அல்ல. ஆனாலும் இந்த ஒரு செய்திக்குள் பல பொதுவான பிழைகள் ஒன்றாகக் கூடியிருந்ததால், அவருடைய அனுமதியுடன், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றி இங்கே தருகிறேன்.

"காலை வணக்கம். இன்றுதான் உங்கள் வாழ்க்கையையே மாற்றப்போகும் நாள். கொஞ்சமும் பதற்றப்படாதீர்கள். உங்கள் ஆங்கிலம் இப்போது நன்றாகத்தான் இருக்கிறது. இந்த வேலை உங்களுக்குத்தான், எனக்கு அதில் துளியும் சந்தேகமில்லை. முடிந்தவுடன் முதல் அழைப்பு எனக்குத்தான் வர வேண்டும். நல்லாச் செய்யும், நான் உம்மோடுதான் இருக்கிறேன்."

இதை அவர் 7.55க்கு அனுப்பியிருக்கிறார். அந்த நேரத்தில் அந்தப் பெண் வெள்ளவத்தையிலிருந்து 100ஆம் இலக்கப் பேருந்தில் ஏறி, காலி வீதி நெரிசலில், கைப்பையை மடியில் வைத்தபடி, தம்மைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய முதல் நான்கு வாக்கியங்களை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார். நீல நிறக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. 8.50க்கு நம்மவர் "கோபமா?" என்று இன்னொன்றை அனுப்பினார். நிறுவனத்தின் வரவேற்புப் பகுதியில் இருந்தபடி அந்தப் பெண் அதற்கு ஆறு வரியில் பதில் எழுதினார்: கோபம் இல்லை, பேருந்தில் நெரிசல், உங்கள் செய்தி மிகவும் பிடித்திருந்தது, தவறாக நினைக்க வேண்டாம், என்று. ஆறுதல் சொல்லப் போனவருக்கு அவர் ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு செய்தி பாரமாகிவிட்டது என்பதை அறிய இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியாது. "நன்றி" என்ற ஒற்றைச் சொல்லோ பதிலின்மையோ கவலைக்குரியவை அல்ல. நீண்ட சமாதானப் பதில் வந்தால்தான் நாம் எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும்.

உளவியலாளர் நியால் போல்ஜரும் இரு சக ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வை நான் இந்த இடத்தில்தான் அவருக்குச் சொன்னேன். நியூயோர்க் மாநிலத்தில் சட்டத்தரணியாவதற்கான தேர்வுக்கு ஒருவர் தயாராகிக்கொண்டிருந்த இணைகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தேர்வு எழுதுபவர் அன்று துணையிடமிருந்து ஆதரவு கிடைத்ததா என்றும், துணைவர் அன்று ஆதரவு கொடுத்தேனா என்றும், இருவரும் தனித்தனியே நாளாந்தக் குறிப்பு எழுதினார்கள். ஆதரவு கிடைத்ததாகத் தேர்வு எழுதுபவரே உணர்ந்த நாட்களையடுத்து அவருடைய மனச்சோர்வு குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது. துணைவர் "கொடுத்தேன்" என்று குறித்து, மற்றவர் அதை ஆதரவாகக் கவனித்தே இராத நாட்களில்தான் சோர்வு குறைந்தது. உனக்கு உதவி செய்கிறேன் என்று காட்டிக்கொண்டு செய்யப்படும் உதவி, உனக்கு உதவி தேவைப்படுகிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது என்பது இதற்கு அவர்கள் தந்த விளக்கங்களில் ஒன்று. கடன்பட்ட உணர்வும் கூடவே வருகிறது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஏற்கெனவே சேர்ந்து வாழ்ந்தவர்கள் என்பதையும், அங்கே அளக்கப்பட்டது ஒற்றைக் குறுஞ்செய்தி அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் ஐந்து வாரப் பழக்கத்தில் கடன்பட்ட உணர்வு இன்னும் கூர்மையாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம்.

அந்த வெளிச்சத்தில் நாங்கள் இருவரும் செய்தியை வரிவரியாகப் பார்த்தோம். "வாழ்க்கையையே மாற்றப்போகும் நாள்" என்பது அவருக்கு வாழ்த்தாகத் தோன்றியிருக்கிறது. படித்தவருக்கோ தவறினால் எவ்வளவு போகும் என்ற கணக்காக ஒலித்திருக்கிறது. "எனக்குத் துளியும் சந்தேகமில்லை" என்பதில், வேலை கிடைக்காவிட்டால் அந்தப் பெண் தாமும் ஏமாந்து இவரையும் ஏமாற்ற வேண்டிவரும். வேலை கொடுப்பது அவர் கையிலும் இல்லை, இவர் கையிலும் இல்லை. மேசைக்கு அப்பால் இருக்கும் மூவருடைய முடிவுக்கு நாம் பிணை நிற்க முடியாது.

"பதற்றப்படாதீர்கள்" என்ற வரியில் நாங்கள் நெடுநேரம் நின்றோம், ஏனெனில் எல்லோரும் எழுதுவது அதைத்தான். நேர்முகத் தேர்வுக்கு முன் நெஞ்சு படபடப்பதும் உள்ளங்கை வியர்ப்பதும் உடல் தன்னைத் தயார்படுத்திக்கொள்வதன் விளைவுகள். சொல்லி நிறுத்தக்கூடியவை அல்ல. நிறுத்தச் சொன்னால், படபடப்போடு "இன்னும் நிற்கவில்லையே" என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது. அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட பரிசோதனைகளில், மேடைப் பேச்சு, பாட்டு, கணக்கு ஆகியவற்றுக்கு முன், தம்மை அமைதிப்படுத்த முயன்றவர்களைவிட, "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று அதே படபடப்புக்கு வேறு பெயர் சூட்டிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். உற்சாகத்திலும் இதயம் வேகமாகத்தான் அடிக்கும் என்பதால் அந்தப் பெயர் மாற்றம் உடலுக்கு எளிது. இதற்காக "உற்சாகமாக இருங்கள்" என்று கட்டளை எழுதவேண்டியதில்லை. படபடப்பைப் பற்றிப் பேசாமல் விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஆங்கிலத்தைப் பற்றிய வரிக்கு வந்தபோது அவரே தலையில் கை வைத்துக்கொண்டார். வவுனியாவில் தமிழ் மொழிமூலம் படித்துக் கொழும்புக்கு வந்த அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலத்தில் நேர்முகத் தேர்வு என்பதுதான் முதன்மையான பயம். அதை ஒருநாள் அவரிடம் நம்பிச் சொல்லியிருந்தார். "இப்போது" என்ற சொல்லும் "தான்" என்ற அசையும் சேர்ந்து, முன்பு நன்றாக இருக்கவில்லை என்பதையும், இன்றும் அது ஏதோ பரவாயில்லை என்ற அளவில்தான் என்பதையும் சொல்லிவிட்டன. பாராட்ட வேண்டுமென்றால், அவர் பயப்படும் இடத்தை விட்டுவிட்டு, நாம் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்வது பாதுகாப்பானது. "நீங்கள் திறமைசாலி" என்பது யாரும் யாருக்கும் எழுதக்கூடியது. அவர் எப்போதோ செய்த ஒரு காரியத்தை நினைவுபடுத்தினால், அது அவர் நேர்முகத்தில் எடுத்துப் பேசக்கூடிய பொருளாகவும் ஆகிவிடும்.

கடைசி வரியில் இன்னொரு சிக்கல் இருந்தது. நம் மொழியில் இதை மிக நுணுக்கமாகச் செய்துவிட முடியும். ஐந்து வாரமும் "நீங்கள்" என்று எழுதிவந்தவர், அன்று காலை "செய்யும்", "உம்மோடு" என்று "நீர்" நிலைக்கு இறங்கியிருந்தார். நம் பக்கத்துப் பேச்சில் நீங்கள், நீர், நீ என்ற மூன்று படிகளில் ஒன்றைக் கடப்பது நெருக்கத்தைக் கேட்பதற்குச் சமம். கேட்பதில் தவறில்லை. ஆனால் அதற்குச் சம்மதமா இல்லையா என்று அந்தப் பெண் யோசிக்க வேண்டிய இடம் கோட்டைக்குப் போகும் பேருந்து அல்ல. முந்திய நாள் இரவு எந்தப் படியில் பேசினீர்களோ, அதே படியில் காலையிலும் எழுதுங்கள்.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 9.30க்கு நேர்முகம், 7.30க்கு வீட்டைவிட்டுப் புறப்படுவார் என்றால், ஆறரை மணியளவில் செய்தி போய்ச் சேர்வது நல்லது. தவறவிட்டால் கடைசி ஒரு மணித்தியாலத்தில் அனுப்பாமலேயே விட்டுவிடலாம். இவற்றுக்கெல்லாம் ஒரு புறநடையும் உண்டு. பேசிக்கொண்டே இருந்தால்தான் மனம் அடங்கும் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அளந்து எழுதிய நான்கு வரி குளிர்ந்துபோன தேநீரைப் போலத் தெரியலாம். முந்திய நாள் மாலை, "நாளைக் காலையில் நான் அழைக்கட்டுமா, அல்லது உங்கள் பாட்டில் விடட்டுமா?" என்று ஒரு தடவை கேட்டால் போதும்.

மூன்று வாரம் கழித்து, வேறொரு நிறுவனத்தில் அந்தப் பெண்ணுக்கு மீண்டும் ஒரு நேர்முகத் தேர்வு வந்தது. இம்முறை அந்த இளைஞர் செய்தியைத் தாமே எழுதி, அனுப்புமுன் என்னிடம் காட்டினார். நான் ஒரு சொல்லை மட்டும் எடுக்கச் சொன்னேன்: "நிச்சயமாக".

"காலை வணக்கம். இன்று உங்களுடைய நேர்முகம் என்பது நினைவில் இருக்கிறது. பழைய இடத்தில் கணக்கேடு குழம்பிப்போனதை இரண்டு நாளில் சரிசெய்த கதையை அன்றைக்கு எனக்குச் சொன்னீர்களே, கணக்குத் தெரியாத எனக்கே விளங்கியது. பதில் எழுத மினக்கெட வேண்டாம். பின்னேரம் ஆறுதலாகக் கதைப்போம், நேர்முகத்தைப் பற்றித்தான் என்றில்லை."

முதல் வரியில் நினைவு, அடுத்ததில் கண்ட ஒன்று, பிறகு பதிலிலிருந்து விடுதலை, கடைசியில் முடிவு எதுவானாலும் இருக்கப்போகும் ஒரு மாலை. அவருடைய ஆங்கிலமும் இல்லை, வெற்றியும் இல்லை, இவருடைய தவிப்பும் இல்லை. 6.40க்கு அனுப்பிவிட்டு, நான் கேட்டுக்கொண்டபடி தொலைபேசியை அலுவலக மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டதாகச் சொன்னார். நண்பகல்வரை அதைத் திறக்காமல் இருப்பதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்திருக்கிறது. பதில் பின்னேரம் ஐந்தரைக்கு வந்தது. "அந்தக் கணக்கேட்டுக் கதையைக் கேட்டார்கள். சொன்னேன். இப்போது பசிக்கிறது." அடுத்த அமர்வில் அவர் அதை எனக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினார். முடிவு அறிவிக்கும் கடிதம் அப்போது வந்திருக்கவில்லை.