வாயில் திறப்பதற்கு முந்தைய நொடி

வரலாற்று வகுப்பில் பெர்லின் சுவர் திறந்த இரவை உறைநிலைக் காட்சியாக, அதாவது அசையாமல் நின்று ஒரு நொடியைக் காட்டும் நாடகப் படமாக, மாணவர்களை நிறுத்திக் காட்டச் சொன்னால், பெரும்பாலும் முதலில் வருவது ஒரே படம்தான்: எல்லோரும் கைகளை உயர்த்திச் சிரித்தபடி நிற்பார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அது முடிவு தெரிந்தவர்களின் நிலை. 1989 நவம்பர் 9 இரவு அங்கே நின்றவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்றே தெரியாது.

அதனால் நான் கொண்டாட்டக் காட்சிக்குத் தடை போட்டுவிட்டு, கிழக்கு பெர்லினிலிருந்து மேற்குக்குக் கடக்கும் போர்ன்ஹோல்மர் தெருச் சோதனைச்சாவடியை எடுத்துக்கொள்கிறேன். அன்று மாலை செய்தியாளர் கூட்டத்தில் கிழக்கு ஜெர்மன் ஆளுங்கட்சியின் குந்தர் ஷபோவ்ஸ்கி புதிய பயண விதியை வாசித்தார். எப்போது முதல் என்று கேட்டபோது, தனக்குத் தெரிந்தவரை உடனடியாக என்றார். உண்மையில் அது மறுநாளுக்கு உரிய அறிவிப்பு. சாவடிக்கு உத்தரவு வரவில்லை, கூட்டம் வந்துவிட்டது. பொறுப்பில் இருந்த ஹரால்ட் யேகர் மேலிடத்துக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டே இருந்தார். அதிகம் கூச்சலிடுபவர்களை மட்டும் அனுப்பு, திரும்பி வர முடியாதபடி அவர்களின் ஆவணத்தில் புகைப்படத்தின் மேல் முத்திரை குத்து என்றார்கள். இரவு 11.30 மணியளவில் அவரே வாயிலைத் திறக்கச் சொன்னார்.

ஐந்தாறு பேர் கொண்ட குழுவுக்கு இந்தக் குறிப்பைக் கொடுத்து, திறப்பதற்கு முந்தைய நொடியை மட்டும் கேட்கிறேன். அசையாமல் பத்து நொடி நின்றால் போதும். யேகராக வரும் மாணவர் பெரும்பாலும் கைகட்டி, விறைப்பாக நிற்பார். "நீ யாரைப் பார்க்கிறாய்? பின்னால் நிற்கும் காவலர்கள் யாரைப் பார்க்கிறார்கள்?" என்ற இரண்டு கேள்விகள் போதும். காதில் தொலைபேசி, கண் கூட்டத்தின் மேல், காவலர்களின் கண்களோ அவர் மேல் என்று காட்சி மாறிவிடும். மேலிடம் விலகி நிற்கிறது, முடிவு அவர் தலையில் விழுந்திருக்கிறது என்பது பார்ப்பவர்களுக்கே புரியும்.

பிறகு ஒவ்வொருவர் தோளையும் தொடுகிறேன். தொட்டதும் அந்தப் பாத்திரத்தின் மனதில் ஓடுவதை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். ஆபத்தும் இங்கேதான்: மாணவர் கற்பனையில் சொன்னது அடுத்த வாரத் தேர்வுத் தாளில் வரலாறாக வந்து உட்கார்ந்துவிடும். அதனால் சொன்ன வாக்கியங்களைப் பலகையில் எழுதி, சான்றில் இருப்பது எது, நம் ஊகம் எது என்று பிரிக்கச் சொல்கிறேன். யேகர் பின்னாளில் நிறையப் பேட்டிகள் கொடுத்திருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வழியும் உண்டு.

இந்த முறைக்கு ஒரு குறையும் உண்டு. ஒரு மனிதரை நடுவில் நிறுத்தினால், அவர் ஒருவரே வரலாற்றைத் திருப்பியதாகத் தோன்றும். அதைச் சரிசெய்ய, அக்டோபர் 9 அன்று கிழக்கு ஜெர்மன் நகரமான லைப்சிக்கில் ஆட்சியை எதிர்த்து நடந்த ஊர்வலத்தையும், செப்டம்பரில் ஹங்கேரி எல்லை வழியாக வெளியேறிய கிழக்கு ஜெர்மானியர்களையும் வேறு இரு குழுக்கள் அதே நேரத்தில் பக்கத்தில் உறைந்து காட்டுகின்றன. இந்த இரண்டில் ஒன்றைக் கலைத்துவிட்டு, "இது இல்லாமல் சாவடியின் முன் இவ்வளவு பேர் வந்திருப்பார்களா?" என்று கேட்கும்போதுதான் விவாதம் சூடுபிடிக்கிறது.