ஆத்தங்குடிக் கல்லில் உப்புப் பூத்தது ஏன்?

"பணியாளரின் கவனக்குறைவு." காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடிக் கல் என்ற சிமெண்ட் தரைக்கல் செய்யும் ஒரு பட்டறையில், கற்களின் முகம் வெள்ளையாகப் பூத்ததற்கு எழுதப்பட்ட முதல் அறிக்கை அவ்வளவுதான். ஆளை மாற்றினார்கள். அடுத்த கோடையில் பூப்பு மறுபடியும் வந்தது. அதன் பிறகே என்னை அழைத்தார்கள்.

ஒரு குறைக்கான சாத்தியக் காரணங்களை வகைவாரியாக அடுக்கும் மீன்முள் படத்தில் ஆள், கருவி, பொருள், முறை, அளவீடு, சூழல் என்று ஆறு முட்கள் வரைந்தோம். படத்தை நிரப்புவது எளிது. சான்று காட்டி முட்களை அடித்து நீக்குவதில்தான் வேலை இருக்கிறது. புகார் வந்ததெல்லாம் கறுப்பு, சிவப்புக் கற்களுக்கு. அதனால் சாயப்பொடியின் மீது எல்லோருக்கும் சந்தேகம். வெள்ளைக் கல்லை ஈரவிரலால் தடவி நாக்கில் வைத்தால் அங்கும் உப்புக் கரித்தது. வெள்ளையில் வெள்ளை கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. சாயப்பொடி முள்ளை அடித்துவிட்டோம்.

பிறகு 'ஏன்' தொடங்கியது. பூத்த பொடியைச் சுரண்டித் தண்ணீரில் போட்டால் முழுவதும் கரைந்தது. சிமெண்டிலிருந்து வெளிவந்து இறுகிய சுண்ணாம்பாக இருந்தால் தண்ணீரில் கரையாது, வினிகரில் நுரைக்கும். அப்போது விசாரணை கலவையை நோக்கிப் போயிருக்கும். இது உப்பு. உப்பு ஏன் வந்தது? மணலைக் கழுவிய நீரில் அதிகமில்லை. கல்லை ஊறவைக்கும் தொட்டி நீரில், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மானி கிணற்று நீரைப் போல மூன்று மடங்குக்கு மேல் காட்டியது. தொட்டியில் ஏன் சேர்ந்தது? கோடை வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். குறைந்த அளவுக்கு மட்டும் புதுநீரை மேலே ஊற்றி நிரப்பினார்கள். ஏன் வடிக்கவில்லை? "கலங்கினால் வடி" என்பதுதான் அங்கு வழக்கம். கரைந்த உப்பு நீரைக் கலக்காது. தெளிந்த நீரை ஏன் யாரும் சந்தேகிக்கவில்லை? அதை அளக்கும் வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

இதுவரை வெறும் ஊகம்தான். ஒரே நாளில் வார்த்த கற்களில் பாதியைப் பழைய தொட்டியிலும் பாதியைப் புதுநீரிலும் ஊறவைத்து, ஒன்றாக உலர்த்தினோம். பழைய தொட்டிக் கற்கள் மட்டும் பூத்தன. குறையை வேண்டும்போது வரவழைக்கவும் நிறுத்தவும் முடிந்தால்தான் காரணம் பிடிபட்டது என்று நான் கையெழுத்துப் போடுவேன்.

அறிக்கையில் இரண்டாவது 'ஏன்' சங்கிலி ஒன்றும் உண்டு: பூத்த கல் பட்டறையைத் தாண்டியது ஏன்? ஈரம் காயுமுன் பார்த்து ஏற்றிவிட்டார்கள். நீர் வெளியேறும்போதுதான் உப்பு முகத்துக்கு வரும். இப்போது ஒவ்வொரு தொகுதியிலும் சில கற்களை முழுக்க உலர்த்திப் பார்த்த பிறகே வண்டி புறப்படுகிறது.

தொட்டி நீரின் டிடிஎஸ் அளவு கிணற்று நீரைப் போல இரு மடங்கைத் தொட்டால் வடிக்க வேண்டும் என்பது புது விதி. மானியும் பதிவேடும் தொட்டி மேற்பார்வையாளரிடம் இருக்கின்றன. கிடங்கில் சுத்தமாக இருக்கும் கல், பதித்த வீட்டில் மட்டும் பூத்தால், தரைக்கடியிலிருந்து ஏறும் ஈரத்தைப் பார்க்க வேண்டும். அதற்குத் தனி விசாரணை. பூப்பு வராமல் ஒரு முழுக் கோடை கடக்கும் வரை இந்த அறிக்கையை நான் முடித்துக் கொடுக்கப் போவதில்லை.